முன்னே வந்த காதும் பின்னே வந்த கொம்பும்: ஷாம்பு பாக்கெட்டை முதலில் கொண்டுவந்தவர் ஏன் தோற்றார்?

2025-இல் ரிலையன்ஸின் நுகர்பொருள் நிறுவனம் 'வெல்வெட்' என்ற ஷாம்பு பெயரை மறுபடியும் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்குப் பழைய பெட்டிக்கடை ஞாபகம் வந்திருக்கும். இளையவர்களுக்கு அந்தப் பெயர் ஒன்றும் சொல்லியிருக்காது. ஷாம்பு பாக்கெட்டைத் தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொண்டு சேர்த்த முன்னோடி அதுதான். இன்று உலகத்துப் பெரிய நிறுவனங்கள் எல்லாம் பின்பற்றும் ஒரு விற்பனை முறைக்கு வழிகாட்டிய பெயர், எப்படி யாராவது மீட்டெடுக்க வேண்டிய பெயராக ஆனது?

"முதலில் சந்தைக்கு வந்தவனுக்கே சந்தை" என்பது வணிகத்தில் அடிக்கடி காதில் விழும் வாசகம். நம் ஊர்ப் பழமொழி இதற்கு நேர் எதிராக, முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்தது என்கிறது. இரண்டுமே உண்மைதான். எப்போது எது உண்மை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முந்தியவர் சாதகம் என்றால் என்ன

ஆங்கிலத்தில் 'ஃபர்ஸ்ட் மூவர் அட்வான்டேஜ்' என்பதை இங்கே 'முந்தியவர் சாதகம்' என்று சொல்லிக்கொள்வோம். போட்டியாளர் வருவதற்கு முன்பு கொஞ்ச நாள் தனியாக விற்று லாபம் பார்ப்பதை மட்டும் வைத்து இதை அளக்கக் கூடாது. அந்த லாபம் முதலில் வந்த எல்லோருக்கும் கிடைக்கும். போட்டியாளர் வந்து நின்ற பிறகும், முன்னால் வந்த ஒரே காரணத்துக்காக ஒருவரிடம் ஏதாவது மிஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி.

அப்படி மிஞ்சக் கூடியவற்றை லீபர்மன், மான்ட்கோமரி என்ற இரண்டு பேராசிரியர்கள் 1988-இல் மூன்று வகையாகப் பிரித்தார்கள். இன்றுவரை இந்தத் துறையில் பேசுபவர்கள் அந்த மூன்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1. தொழில்நுட்பத்தில் முந்துதல். காப்புரிமை வாங்கிவிடலாம். அல்லது நிறையத் தயாரித்துத் தயாரித்தே கை பழகி, பின்னால் வருபவரைவிட மலிவாகச் செய்யக் கற்றுக்கொள்ளலாம்.

2. கிடைப்பதற்கு அரிதான ஒன்றை முதலில் பிடித்துப்போடுதல். நல்ல இடம், கச்சாப்பொருள், கடையில் கண்ணில் படும் அலமாரி, உரிமம் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்கு இல்லை என்கிற பொருளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

3. வாங்குபவர் மாறுவதற்குத் தயங்கும் நிலையை உண்டாக்குதல். மாறினால் பணம் நஷ்டம், பழகியதை மறுபடி கற்க வேண்டும், கூட இருப்பவர்கள் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கிறார்கள் என்பவை இதில் அடங்கும்.

மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் முந்தியவர் கையில் மிஞ்சுவது செலவுக் கணக்கு மட்டும்தான். மக்களுக்குப் பொருளைப் பழக்கிய செலவு, தப்பும் தவறுமாகச் செய்து கற்றுக்கொண்ட செலவு எல்லாம் அவருடையது. பலன் பொதுவாகிவிடும்.

கடலூரில் நடந்தது

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் மருந்து, அழகுப் பொருள் ஆகியவற்றை அடைத்து விற்கும் சிறு தொழில் நடத்தியவர். டின்னில் மட்டும் கிடைத்த டால்கம் பவுடரைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் போட்டார். எப்சம் உப்பை ஐந்து கிராம் அளவில் அடைத்தார். தான் செய்யும் பொருளைக் கூலிக்காரரும் ரிக்ஷா ஓட்டுபவரும் வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். திரவத்தையும் பாக்கெட்டில் கொடுக்கலாம் என்ற யோசனையும் அவருடையதே. அவர் மறைந்த பிறகு மகன்கள் தொழிலைக் கையில் எடுத்து, 1980-ஐ ஒட்டி வெல்வெட் ஷாம்புவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அது வேகமாகப் பரவியது.

ஷாம்பு அப்போது பாட்டிலில் வரும் பொருள். சீயக்காயும் அரப்பும் சோப்பும்தான் பெரும்பாலான வீடுகளின் வழக்கம். அந்த வீடுகளில் ஒரு பாட்டிலுக்கான பணத்தை மொத்தமாக எடுத்து வைப்பதும் சாத்தியமில்லை. ஒரு குளியலுக்கு எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் சில்லறைக் காசுக்குக் கொடுத்ததால், அதுவரை ஷாம்பு பக்கமே வராதவர்கள் வந்தார்கள்.

சின்னி கிருஷ்ணனின் இன்னொரு மகன் சி.கே. ரங்கநாதன். படிப்பை முடித்துக் குடும்பத் தொழிலில் சேர்ந்தவர், ஒரு வருடம்கூட ஆகாமல் அண்ணன்களோடு கருத்து ஒத்துப்போகாமல் வெளியே வந்தார். 1983-இல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தனியாகத் தொடங்கினார். ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைக்கும் எந்திரத்துக்கு மூவாயிரம் ரூபாய், வாடகைக் கட்டடத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் அட்வான்ஸ் என்று பிற்காலப் பேட்டிகளில் அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து வந்ததுதான் 'சிக்' ஷாம்பு. அந்த நிறுவனம் பிறகு கெவின்கேர் ஆனது.

சிக் வந்தபோது வெல்வெட் ஏற்கெனவே ஊர் அறிந்த பெயர். கோத்ரேஜ் போன்ற பெரிய நிறுவனம் அதன் விற்பனைக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சிக் அதைத் தாண்டிப் போய்விட்டது.

குடும்பச் சண்டை என்று பார்த்தால் இது சுவாரசியமான கதை. வணிகப் பாடமாகப் பார்த்தால் அந்தச் சண்டை பெரிய விஷயமே இல்லை. ரங்கநாதன் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்திருப்பார்கள். மூவாயிரம் ரூபாய் எந்திரத்தோடு நுழைய முடிகிற சந்தைக்குள் நுழையாமல் யார் இருப்பார்கள்?

பாக்கெட்டே வேலியைப் பிரித்தது

மேலே சொன்ன மூன்று வகையையும் வெல்வெட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

தொழில்நுட்பம்: பிளாஸ்டிக் உறையில் திரவத்தை ஊற்றிச் சூட்டில் ஒட்டுவதற்குக் கைக்கு அடக்கமான எந்திரம் போதும். உறைக்கான பிளாஸ்டிக்கை விற்பவர்கள் யார் கேட்டாலும் விற்பார்கள். உள்ளே இருக்கும் ஷாம்புவின் கலவையும் பெரிய ரகசியம் இல்லை. கழுவும் பொருள், கெட்டியாக்க உப்பு, வாசனை, நிறம், தண்ணீர். இதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர் வேலையை விட்டுப் போனாலே போதும், ரகசியமும் அவரோடு போய்விடும். இங்கே போனவர் வீட்டுப் பிள்ளை.

அரிதான பொருள்: கடை அலமாரி அரிதானது. பத்து பாட்டில் வைக்கிற இடத்தில் பதினொன்றாவது பாட்டிலை வைக்கக் கடைக்காரர் யோசிப்பார். ஆனால் பாக்கெட் அலமாரியில் உட்கார்வதில்லை, சரமாகத் தொங்குகிறது. ஒரு ஆணி இருந்தால் ஒரு சரம். வெல்வெட் சரத்துக்குப் பக்கத்தில் சிக் சரத்தைத் தொங்கவிடக் கடைக்காரருக்கு ஒரு அங்குலம்கூட நஷ்டமில்லை. ஒரு சரத்துக்கான முதலீடும் கொஞ்சம்தான் என்பதால் புதுச் சரக்கை வாங்கிப் பார்ப்பதில் பயமும் இல்லை.

மாறும் தயக்கம்: பாட்டில் வாங்கியவர் அது தீரும்வரை, ஒரு மாதமோ இரண்டு மாதமோ, வேறு ஷாம்புவைப் பற்றி நினைக்க மாட்டார். பாக்கெட் வாங்கியவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிதாக முடிவெடுக்கிறார். பிடிக்கவில்லையென்றால் நஷ்டம் ஒரு ரூபாய்க்குள். அடுத்த வாரம் வேறு.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வெல்வெட்டை உள்ளே விட்ட அதே கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. சின்ன விலை, சின்ன அளவு, தொங்கும் சரம் என்ற மூன்றும் பாட்டில் கம்பெனிகளின் வேலியை உடைத்தன. உடைந்த வேலி வெல்வெட்டுக்குப் பின்னாலும் உடைந்தேதான் கிடந்தது. புதுமை எவ்வளவு பெரியது என்பதும், அதை எவ்வளவு நாள் தன் வசம் வைத்திருக்க முடியும் என்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கேள்விகள். பலர் முதல் கேள்விக்கான பதிலைக் கொண்டு இரண்டாவதையும் முடித்துவிடுகிறார்கள்.

ஐந்து காலி உறைக்கு ஒன்று இலவசம்

பின்னால் வந்தவர், முன்னால் வந்தவர் செலவில் எப்படிப் பயணம் செய்வார் என்பதைச் சிக் செய்த ஒரு திட்டத்தை வைத்துத் துல்லியமாகப் பார்க்கலாம். எந்த ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலி உறைகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள்.

சாதாரணமாக மாதிரிப் பாக்கெட் கொடுப்பதோடு இதை ஒப்பிடுவோம். ஒரு ஊரில் நூறு பேரில் பத்துப் பேர்தான் ஷாம்பு போடுகிறவர்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தெருவில் நின்று நூறு பாக்கெட் கொடுத்தால் தொண்ணூறு போய்ச் சேருவது சீயக்காய் வீடுகளுக்கு. அதில் பெரும்பகுதி வீண். காலி உறை கேட்டால் வருகிறவர் எல்லோருமே ஏற்கெனவே ஐந்து முறை காசு கொடுத்து ஷாம்பு வாங்கியவர்கள். அவர்களுக்கு ஷாம்பு என்றால் என்ன, எப்படிப் போட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அதை வெல்வெட் சொந்தச் செலவில் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துவிட்டது. வெல்வெட் விற்ற ஒவ்வொரு பாக்கெட்டும் சிக்கின் ஐந்தில் ஒரு பங்கு கூப்பனாகவே மாறியது. சந்தையில் யார் அதிகம் விற்றாலும் அவருடைய விற்பனையே போட்டியாளருக்கு விளம்பரம்.

அப்புறம் திட்டத்தை மாற்றினார்கள். இனிமேல் ஐந்து சிக் உறைகளைக் கொடுத்தால்தான் இலவசம். கூட்டம் வந்து பழகிய பிறகு கதவைச் சாத்துவது போன்ற வேலை இது. இப்போது ஐந்தின் விலைக்கு ஆறு கிடைக்கிறது, அதாவது ஏறக்குறைய 17 சதவீதம் தள்ளுபடி. ஆனால் நடுவில் ஒரு வாரம் வேறு பாக்கெட் வாங்கினால் கணக்கு உடைந்துவிடும். வெல்வெட்டிடம் இல்லாமலிருந்த அந்த 'மாறும் தயக்கத்தை' ஒரு காலி உறையை வைத்துச் செயற்கையாக உண்டாக்கினார்கள் என்று சொல்லலாம். மாத விற்பனை முப்பத்தைந்தாயிரம் ரூபாயிலிருந்து பன்னிரண்டு லட்சமாக ஏறியதற்கு இந்தத் திட்டத்தையே காரணமாகச் சொல்கிறார் ரங்கநாதன்.

இதற்குப் பிறகுதான் மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தன. தலையில் பூ வைக்கும் பெண்களுக்கு ஷாம்புவிலும் மல்லிகை வாசம் வேண்டும் என்பது இன்று கேட்டால் சாதாரணமாகத் தெரிகிறது. முதலில் வந்தவர் "ஷாம்பு போடுங்கள்" என்று பழக்குவதற்கே எல்லா மூச்சையும் செலவிட வேண்டியிருக்கிறது. "எந்த ஷாம்பு?" என்ற கேள்வி அந்தப் பழக்கம் வந்த பிறகே எழும். அதற்குப் பதில் சொல்லப் பின்னால் வருபவருக்கு நேரமும் இருக்கும், தகவலும் இருக்கும்.

முந்துவது பலிக்கும் இடம்

இதை மட்டும் பார்த்துவிட்டு முந்துவதே முட்டாள்தனம் என்று முடிவுகட்டவும் கூடாது. மூன்றாவது வகை, அதாவது மாறும் தயக்கம், இயல்பிலேயே பலமாக இருக்கும் சந்தைகள் உண்டு. கண்முன் இருக்கும் உதாரணம் வாட்ஸ்அப்.

2025 செப்டம்பர் கடைசியில் ஸோஹோவின் 'அரட்டை' செயலி இந்தியப் பதிவிறக்கப் பட்டியலில் மேலே ஏறியது. லட்சக்கணக்கானவர்கள் இறக்கிக்கொண்டார்கள். இறக்கியவர்கள் வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. பள்ளிக்கூடக் குழு, அபார்ட்மென்ட் குழு, பால்காரர், அத்தை எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஷாம்புவை மாற்ற ஒரு ரூபாய் போதும். இங்கே மாற வேண்டுமென்றால் உங்களோடு பேசும் அத்தனை பேரையும் சேர்த்து மாற்ற வேண்டும். அரட்டை 2021-லேயே வந்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். செயலியின் தரத்தைவிட, கூட்டம் ஏற்கெனவே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே பெரிய தடை.

ஆனால் வாட்ஸ்அப்பும் முதலில் வந்ததில்லை. பிளாக்பெர்ரி போன்களின் செய்திச் செயலியான பிபிஎம் 2005-லேயே இருந்தது. வாட்ஸ்அப் வந்தது 2009-இல். பிபிஎம் பல வருடம் பிளாக்பெர்ரி போன்களுக்குள் மட்டுமே பேசியது. 2013 அக்டோபரில்தான் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் திறந்துவிட்டார்கள். அதற்குள் சாதாரண நோக்கியா போனில்கூட ஓடிய வாட்ஸ்அப்பில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆக, இத்தகைய சந்தையில்கூட முதலில் கடை திறந்தவருக்குப் பரிசு இல்லை. கூட்டம் ஒரு அளவைத் தாண்டும்போது யார் கையில் இருந்ததோ அவருக்கே பரிசு.

பங்குச் சந்தையில் இதைவிடக் கூர்மையான உதாரணம் உண்டு. சந்தைக் குறியீட்டு எண்ணின் நாளைய மதிப்பை வைத்து இன்றே ஒப்பந்தம் போடும் முன்பேர வணிகத்தை இந்தியாவில் மும்பைப் பங்குச் சந்தை 2000 ஜூன் 9-இல் தொடங்கியது. தேசியப் பங்குச் சந்தை மூன்று நாள் கழித்து, ஜூன் 12-இல் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்த வணிகத்தின் பெரும்பகுதி தேசியப் பங்குச் சந்தையில்தான் நடந்தது. விற்பவர் வாங்குபவர் இருக்கும் இடத்துக்குப் போவார், வாங்குபவர் விற்பவர் இருக்கும் இடத்துக்குப் போவார். இரண்டு கூட்டமும் ஏற்கெனவே எங்கே அதிகம் பழகியிருந்ததோ அங்கேயே கூடின. மூன்று நாள் முந்தியது ஒன்றுக்கும் உதவவில்லை.

முன்னோடிகளே ஜெயிப்பதாக ஏன் தோன்றுகிறது

1980-களில் வெளிவந்த ஆய்வுகள் முன்னோடி நிறுவனங்களுக்குச் சந்தையில் ஏறக்குறைய 30 சதவீதப் பங்கு இருப்பதாகக் காட்டின. "முந்தினால் ஜெயிக்கலாம்" என்ற நம்பிக்கை பரவியதற்கு இவையும் ஒரு காரணம். அந்த ஆய்வுகளுக்கு அடிப்படை, இயங்கிக்கொண்டிருக்கும் நிறுவனங்களிடம் கேட்டு வாங்கிய பதில்கள். அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

முதலாவது, செத்துப்போன நிறுவனம் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதாது. தோற்ற முன்னோடிகள் கணக்கிலேயே வரவில்லை. இரண்டாவது, ஜெயித்தவர்கள் தங்களை முன்னோடி என்றே சொல்லிக்கொள்வார்கள், கொஞ்ச காலம் போனால் ஊரும் அதையே நம்பும். குழந்தைகளுக்கான டிஸ்போசபிள் டயப்பர் என்றதும் 1961-இல் வந்த பேம்பர்ஸை முன்னோடியாகச் சொல்வார்கள். அதற்கு ஏறக்குறைய முப்பது வருடம் முந்தியே அமெரிக்காவில் 'சக்ஸ்' என்ற டயப்பர் விற்பனையில் இருந்தது.

கோல்டர், டெல்லிஸ் என்ற இருவர் 1993-இல் இந்த ஓட்டைகளை அடைத்துப் பார்த்தார்கள். யாரிடமும் கேட்காமல், அந்தந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டி, 50 பொருள் வகைகளில் சுமார் 500 பிராண்டுகளின் வரலாற்றைத் தேடி எடுத்தார்கள். முன்னோடிகளில் 47 சதவீதம் தோற்றுப்போயிருந்தன. சராசரிச் சந்தைப் பங்கு 30 இல்லை, 10 சதவீதம். பிற்பாடு சந்தையை ஆண்டவர்கள், முன்னோடி வந்து சராசரியாக 13 ஆண்டுகள் கழித்து நுழைந்தவர்கள்.

அது அமெரிக்கச் சந்தையை வைத்துச் செய்த ஆய்வு. எல்லா ஊருக்கும் அதே எண்ணைப் பொருத்த முடியாது. இருந்தாலும், யாராவது "அவர்தான் முதலில் வந்தார், அதனால் ஜெயித்தார்" என்றால், அவருக்கு முன்னால் வந்து காணாமல் போனவர் யார் என்று ஒரு தடவை தேடிப் பார்ப்பது நல்லது. பல நேரம் ஒருவர் அகப்படுவார்.

முன்கூட்டியே எப்படிக் கணிப்பது

புதிதாக ஒரு சந்தையில் இறங்கியிருக்கும் நிறுவனத்தைப் பற்றிச் செய்தி வந்தால் மூன்று விஷயங்களைப் பார்க்கலாம்.

1. நாளைக்கு இதே தொழிலைத் தொடங்க ஒருவருக்கு என்ன செலவாகும்? சிக் விஷயத்தில் விடை பதினைந்தாயிரம் ரூபாய்.

2. வாங்குபவர் எவ்வளவு அடிக்கடி மறுபடி முடிவெடுக்கிறார்? வாரம் ஒருமுறை என்றால் முந்தியவருக்கு வாரம் ஒருமுறை பரீட்சை.

3. முந்தியவர் செய்யும் செலவில் எவ்வளவு பொருளைப் பழக்குவதற்குப் போகிறது, எவ்வளவு தன் பெயரைப் பழக்குவதற்குப் போகிறது? முதல் வகைச் செலவின் பலன் போட்டியாளருக்கும் போய்ச் சேரும்.

மூன்றாவதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். ஒரு எளிய அடையாளம் உண்டு. கடையில் நின்று கவனித்தால், மக்கள் பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்களா, பிராண்டின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்களா என்பது தெரியும். "ஒரு ஷாம்பு குடுங்க" என்று கேட்கும் வரை கடைக்காரர் கைக்கு எந்தச் சரம் எட்டுகிறதோ அதுதான் விற்கும். சிக் உறைக்கு மட்டுமே இலவசம் என்று ஆன பிறகு, மக்கள் சிக் என்று பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள் என்பதே ரங்கநாதன் சொல்லும் கணக்கின் திருப்புமுனை.

சிக்கும் இந்த விதிக்குத் தப்பவில்லை. 1990-களின் கடைசியில் ஐம்பது காசுப் பாக்கெட்டைக் கொண்டுவந்து கிராமப்புறத்தில் பெரிதாக வளர்ந்தது. பிறகு பெரிய நிறுவனங்களும் ஐம்பது காசுக்கு இறங்கின. ஐம்பது காசு என்ற விலைக்கும் யாரும் காப்புரிமை வாங்க முடியாது.

வெல்வெட் விஷயத்துக்கு வருவோம். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதில் ஒரு பெரிய நிறுவனம் எடுத்துக்கொள்ளத் தக்கதாக மிஞ்சியிருந்தது பெயரும் அதன் ஞாபகமும். எந்திரம், உறை, சரம், கலவை எல்லாம் 1983-லேயே யாருக்கும் கிடைக்கக் கூடியவையாக இருந்தன. அந்த ஞாபகம் இருப்பவர்களில் பலருக்கு இப்போது தலை நரைத்திருக்கும். பெட்டிக்கடையில் பாக்கெட் வாங்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு, ஆணியில் தொங்கும் பத்துச் சரங்களுக்குப் பக்கத்தில் வெல்வெட் பதினொன்றாவது.